மூன்று நாள் விவாதத்தை ஒரே சுருக்கமாக்கியது எப்படி

எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக, ஆட்சிமொழி குறித்து இந்திய அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த விவாதத்தைச் சுருக்கித் தரும் பொறுப்பை நண்பர்கள் மூவர் ஏற்றுக்கொண்டோம். அந்த உரைப்பதிவு முழுவதும் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கிறது. ஆனால் அது மிக நீளமானது. ஒருவர் தொடர்ந்து படித்து முடிப்பதற்குள் முதல் நாள் படித்தது மங்கிவிடும். எனவே அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்குச் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பின்னர் பகுதிச் சுருக்கங்களை இணைப்பது என்று முடிவு செய்தோம்.

பிரிக்கும்போது பக்க எண்ணிக்கையை அளவாகக் கொள்ளவில்லை. பக்கக் கணக்கில் வெட்டினால், ஓர் உறுப்பினர் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துரைக்கும் பாதி ஒரு பகுதியிலும், அதை அவர் மறுக்கும் பாதி அடுத்த பகுதியிலும் போய் விழும். முதல் பகுதியைச் சுருக்குபவர் அதை அவருடைய சொந்தக் கருத்தாகவே பதிவு செய்துவிடுவார். ஆகவே ஒரு பேச்சு முடிந்து அடுத்தவர் எழும் இடத்தில் மட்டுமே வெட்டினோம். குறுக்கீடுகளையும் அவற்றுக்கான பதில்களையும் அந்தந்தப் பேச்சோடு சேர்த்தே வைத்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால், முந்தைய பகுதியின் கடைசிப் பேச்சை ‘படிக்க மட்டும், சுருக்க வேண்டாம்’ என்ற குறிப்போடு ஒட்டினோம். இல்லையென்றால் ‘எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னதுபோல’ என்று தொடங்கும் பேச்சுகள் எதைக் குறிக்கின்றன என்பதே விளங்காது. ஒவ்வொரு பேச்சுக்கும் நாளும் வரிசையும் சேர்ந்த ஓர் எண் கொடுத்தோம். 13-ஆம் தேதியின் ஏழாவது பேச்சு என்றால் அது 13-07. இந்தச் சிறு வேலைதான் பின்னர் எங்களைக் காப்பாற்றியது.

சுருக்கத் தொடங்குவதற்கு முன்பே மூவரும் முழுப் பதிவையும் மேலோட்டமாகப் புரட்டி, ஒரு பொதுத் தலைப்புப் பட்டியலை எழுதிக்கொண்டோம்: மொழி, எழுத்து, எண்களின் வடிவம், ஆங்கிலம் தொடரும் காலம், நீதிமன்ற மொழி, மாநில மொழிகள், அரசியலமைப்பின் மொழி அட்டவணையில் இடம்பெறும் மொழிகள். எதிலும் அடங்காதவற்றுக்கு ‘பிற’ என்று ஒரு தலைப்பையும் வைத்தோம். பகுதிச் சுருக்கத்தைப் பத்தியாக எழுதவில்லை. ஒரு கருத்துக்கு ஒரு வரி என்று விரிதாளில் எழுதினோம். தலைப்பு, பேச்சின் எண், சொன்னவர், சொன்னது, அதற்கு அவர் விதித்த நிபந்தனை, அதன் நிலை என்பவை கட்டங்கள். நிலை என்பது முன்மொழிவு, ஆதரவு, எதிர்ப்பு, சபை முடிவு ஆகிய நான்கில் ஒன்று.

நிபந்தனைக்கென்று தனிக் கட்டம் வைத்ததன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுருக்கத்தில் முதலில் உதிர்வது கருத்தல்ல, கருத்தோடு ஒட்டியிருக்கும் ‘வரை’, ‘தவிர’, ‘கூடுதலாக’ போன்றவைதான். இந்த விவாதத்தில் ஆங்கிலம் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்றியத்தின் அலுவல்களுக்கு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் அது தொடரும். அந்தக் காலத்துக்குள் குடியரசுத் தலைவர் இந்தியையும் அனுமதிக்கலாம், ஆனால் ஆங்கிலத்துக்குக் கூடுதலாகவே. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலுமோ ஆண்டுக் கணக்கே கிடையாது. நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றும் வரை ஆங்கிலம்தான். இரண்டையும் இருவேறு பகுதிகளில் படித்து, இரண்டையும் ‘ஆங்கிலம் சில காலம் தொடரும்’ என்று சுருக்கினால், இணைப்பவர் அவற்றை ஒரே வரியாக்கி, நீதிமன்றங்களுக்கும் 15 ஆண்டு என்று எழுதிவிடுவார். நிபந்தனை தனிக் கட்டத்தில் நின்றால் இரண்டு வரிகளும் அருகருகே வரும்போதே வேறுபாடு கண்ணில் படும்.

இணைக்கும் வேலையில் பலரும் செய்வது, முதல் இரண்டு சுருக்கங்களைச் சேர்த்து ஒன்றாகச் சுருக்கி, அதனோடு மூன்றாவதைச் சேர்த்து மீண்டும் சுருக்கி, இப்படியே கடைசிவரை போவது. அப்படிச் செய்தால் முதல் பகுதி பலமுறை வடிகட்டப்படும், கடைசிப் பகுதியோ ஒரே ஒரு முறைதான். நாங்கள் எல்லா வரிகளையும் ஒரே தாளில் கொட்டி, தலைப்பு வாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் பேச்சு எண்ணின்படி, அதாவது கால வரிசையில் அடுக்கினோம். ஒரே கருத்தைப் பலர் சொல்லியிருந்தால் வரிகளை ஒன்றாக்கினோம், ஆனால் பேச்சு எண்கள் அனைத்தையும் அதில் விட்டுவைத்தோம். முரண்பட்ட வரிகளைச் சமரசம் செய்து ஒன்றாக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நிலையைப் பார்த்தோம்.

சமஸ்கிருதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்திக்குப் பதிலாகச் சமஸ்கிருதமே ஆட்சிமொழியாக வேண்டும் என்று லட்சுமி காந்த மைத்ரா வாதிட்டார். என். கோபாலசுவாமி அய்யங்கார் முன்வைத்த வரைவின் மொழி அட்டவணையில் 13 மொழிகள் இருந்தன, சமஸ்கிருதம் அவற்றில் இல்லை. நிறைவேறிய அட்டவணையில் 14 மொழிகள், சமஸ்கிருதமும் ஒன்று. மைத்ராவின் வாதத்தையும் இறுதி அட்டவணையையும் மட்டும் சுருக்கத்தில் படிக்கும் ஒருவர், அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டது என்றே நினைப்பார். உண்மையில் அது ஏற்கப்படவில்லை. அட்டவணையில் இடம்பெறுவது வேறு, ஆட்சிமொழியாவது வேறு. எங்கள் தாளில் முதலாவது ‘மொழி’ என்ற தலைப்பில் முன்மொழிவாகவும், இரண்டாவது ‘அட்டவணை’ என்ற தலைப்பில் சபை முடிவாகவும் இருந்ததால் அவற்றைத் தனித்தனியாகவே எழுத முடிந்தது. 13 என்ற எண்ணையும் அழிக்காமல், முன்மொழிவு என்ற நிலையோடு வைத்திருந்தோம். அதனால்தான் எண்ணிக்கை மாறியது என்ற செய்தியே சுருக்கத்தில் வந்தது.

இணைப்பில் ஆபத்துக்கு உள்ளாகும் இன்னொன்று, ஒரே ஒருவர் சொன்ன கருத்து. பல பகுதிகளிலும் திரும்பத் திரும்ப வருவது தானாகவே முக்கியமாகத் தெரியும். எண்களின் வடிவம் பற்றி எத்தனையோ பேர் பேசியதால் அது ஒருபோதும் விடுபடாது. முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய பழங்குடி மொழிகளை அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்ற ஜெய்பால் சிங்கின் கோரிக்கை அப்படியல்ல. அதன் வரியில் ஒரே ஒரு பேச்சு எண்தான் இருந்தது. எத்தனை பேர் சொன்னார்கள் என்ற கணக்கில் பார்த்தால் அது விழுந்துவிடும். ஆகவே ஒற்றை எண் கொண்ட வரிகளை மட்டும் தனியே வடித்தெடுத்து, நீக்கலாமா என்று மூவரும் சேர்ந்தே முடிவு செய்வது என்று விதி வைத்தோம். அந்தக் கோரிக்கை ஏற்கப்படாதது என்றாலும், அட்டவணை யாரை வெளியே விட்டது என்பதைக் காட்டுவதால் வைத்துக்கொண்டோம்.

எழுதி முடித்தபின் சரிபார்ப்பை இரு திசைகளிலும் செய்தோம். முதலில் தாளிலிருந்து சுருக்கத்துக்கு: ஒவ்வொரு வரியும் சுருக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது ஏன் விடப்பட்டது என்ற ஒரு வரிக் காரணம் தாளில் இருக்க வேண்டும். அடுத்து வெளியிலிருந்து: சபை முடிவுகள் என்று நாங்கள் எழுதியவற்றை அரசியலமைப்பின் 343 முதல் 351 வரையிலான பிரிவுகளோடும் எட்டாவது அட்டவணையோடும் ஒப்பிட்டோம். அந்தப் பிரிவுகளில் இருந்து எங்கள் சுருக்கத்தில் இல்லாதது எதுவோ, அது விடுபட்ட இடம். பின்னாளில் திருத்தப்பட்ட பகுதிகள் இருப்பதால், 1950-இல் இருந்த வாசகத்தைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன.

இந்த இரண்டாவது ஒப்பீடு முடிவுகளுக்கு மட்டுமே உதவும். தோற்றுப்போன வாதங்களை எந்தச் சட்டப் பிரிவிலும் தேட முடியாது. அவற்றுக்காக, சுருக்கத்தில் கை வைக்காத நண்பர் ஒருவரிடம் மூலப்பதிவின் சில பக்கங்களைத் தோன்றியபடி திறந்து, அங்கே உள்ள ஒரு வாதத்தைக் கேள்வியாக்கித் தரச் சொன்னோம். சுருக்கத்தில் பதில் இல்லாத கேள்விகளின் பேச்சு எண்ணைத் தாளில் தேடினோம். வரி இருந்தால் இணைப்பில் விடுபட்டது, வரியே இல்லையென்றால் பகுதியைப் படித்தபோதே விடுபட்டது. முதல் வகையைத் தாளிலிருந்தே சேர்த்துவிடலாம். இரண்டாம் வகைக்கு அந்தப் பகுதி முழுவதையும் வேறொருவர் மறுபடி படித்தார்.