சித்திரைத் திருவிழா நினைவுப் பதிவு: இரண்டு முறை திரும்பி வந்த முன்மொழிவு

மதுரைச் சித்திரைத் திருவிழாவை ஐம்பது அறுபது வருடங்களாகப் பார்த்துவரும் முதியவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிவு செய்து, எழுத்தாக்கி, ஆவணக்காப்பகத்தில் சேர்க்கும் திட்டம் இது. இருபது பேர், ஆளுக்கு இரண்டு அமர்வு. மூன்றாம் முறை அனுப்பியபோதுதான் நிதி ஒப்புதல் வந்தது. ஆட்களைத் தேடியதும் கேள்விகளைத் தயாரித்ததும் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது காகிதத்திலும் கணக்கிலும்.

முதல் முறை திரும்பியதற்குக் காரணம் ஒரே ஒரு கடிதம். பதிவுகளை ஏற்றுக்கொள்ள ஒரு காப்பகம் சம்மதிக்கிறது என்ற ஏற்புக் கடிதம் இல்லாமல் நிதி தரும் அமைப்பு முன்மொழிவைப் படிக்கவே படிக்காது. அந்தக் கடிதத்துக்காக நான்கு மணிநேரம் பஸ்ஸில் போனால், பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். இருக்கையில் இருந்தவர் திட்டச் சுருக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “ஒப்புதல் படிவம் எங்கே?” என்றார். பேசுபவர்களின் சம்மதத்தை எழுதி வாங்கும் அந்தப் படிவத்தை, நிதி வந்த பிறகு தயாரிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தோம். படிவம் இல்லாமல் கடிதம் இல்லை, கடிதம் இல்லாமல் நிதி இல்லை. அவர் பேசிய விதம் கசப்பாக இருந்தாலும் கேட்டது சரிதான். யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்று தெரியாத ஒலிப்பதிவைக் காப்பகம் வாங்கினால், அதை யாருக்கும் கேட்கக் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் ஒப்புதல் படிவம், அடுத்து மொத்த மணிநேரமும் கோப்பு வகையும் எழுதிய ஒரு பக்கத் தாள், பிறகு ஏற்புக் கடிதம், கடைசியாக முன்மொழிவு. இந்த வரிசையை மாற்றினால் ஒரு பயணம் வீண். போகும் முன் போன் செய்து பொறுப்பாளர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் படிவத்தை ஆங்கில மாதிரியிலிருந்து பெயர்த்து எழுதக் கூடாது. “மேற்படி நபர் தமது அனைத்து உரிமைகளையும்” என்று தொடங்கும் தாளைக் கண்டால் எண்பது வயதுக்காரருக்குப் பத்திரப் பதிவு அலுவலகம்தான் ஞாபகம் வரும். நிலத்தை எழுதி வாங்குகிறார்களோ என்று பயந்துபோவார். ஒரே பக்கம், பெரிய எழுத்து, பேச்சுக்கு அருகில் உள்ள தமிழ் போதும். அதை வாய்விட்டு வாசித்துக் காட்டி, அவர் ‘சரி’ என்று சொல்வதையும் பதிவின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ, பக்கத்தில் வீட்டார் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து அவசியம். முக்கியமானது, ஒப்புதலை இரண்டு முறை வாங்குவது. என்ன பேசப்போகிறோம் என்பது பேசுவதற்கு முன்னால் அவருக்கே தெரியாது. பேசி முடித்த பிறகுதான் எல்லோரும் கேட்கலாமா, பெயரை மறைக்க வேண்டுமா, சில பகுதிகளைக் குறிப்பிட்ட காலம்வரை மூடி வைக்க வேண்டுமா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.

மூடி வைப்பது என்ற மூன்றாவது தெரிவு சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டாயம் வேண்டும். அழகர் மலையிலிருந்து இறங்கி வண்டியூர்வரை போய்த் திரும்பும் வழியெங்கும் சாமி நின்று மரியாதை ஏற்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எந்த மண்டகப்படி யாருடையது, யாருக்கு முதல் மரியாதை, எந்த வருடம் யார் கைக்கு மாறியது என்பதையெல்லாம் முதியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். “அந்த மண்டகப்படி எங்க பங்காளிகளுது, அவுக விட்டுப்போட்டுப் போனாக” என்று ஒருவர் சொன்னால், நாளை அது ஒரு வழக்கில் காகிதமாக நீட்டப்படலாம். இதற்கு முன்மொழிவில் நாங்கள் எழுதிய வழிமுறை இது: மூலப் பதிவில் கை வைப்பதில்லை. மூட வேண்டிய பகுதியை 00:41:10 – 00:47:35 என்று நேரத்தோடு குறித்துவைத்து, பொதுமக்கள் கேட்கும் பிரதியில் மட்டும் அந்த ஏறக்குறைய ஆறரை நிமிடத்தை ஒலியில்லாமல் ஆக்குவது. எழுத்துப்படியிலும் அதே இடத்தில் ‘மூடப்பட்டது’ என்ற சொல்லும் எந்த ஆண்டு திறக்கலாம் என்ற குறிப்பும் இருக்கும். பரிசீலனைக் குழு ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்ட பகுதி இது ஒன்றுதான்.

இரண்டாம் முறை திரும்பி வந்தது எழுத்தாக்கக் கணக்கால். இருபது பேர், இரண்டு அமர்வு, அமர்வுக்கு ஒன்றேகால் மணிநேரம் என்றால் மொத்தம் 50 மணிநேரம். அதை எழுத்தாக்க 25 வேலைநாள் போட்டிருந்தோம். “ஒரு மணிநேரப் பேச்சை எத்தனை மணிநேரத்தில் எழுதுவீர்கள்?” என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். பதில் எங்களிடம் இல்லை. மாதிரிப் பதிவு ஒன்றை எடுத்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பல் விழுந்த வாய், நடுவில் பேரன் குறுக்கிடும் சத்தம், தெரியாத ஊர்ப்பெயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மணிநேரப் பேச்சுக்கு எட்டு மணிநேரம் ஆனது. அதற்கு மேல் இன்னொருவர் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்த இரண்டு மணிநேரம். அப்படியானால் 50 மணிநேரத்துக்கு 500 மணிநேர வேலை. ஹெட்போனோடு ஒருவரால் ஒரு நாளில் கவனம் சிதறாமல் ஐந்து மணிநேரம்தான் உட்கார முடியும். அதற்கு மேல் எழுதியதைத் திருத்தவே மறுநாள் போய்விடும். ஆக 100 வேலைநாள். நாங்கள் போட்டதுபோல் நான்கு மடங்கு.

பணத்தை நான்கு மடங்கு ஆக்க முடியாது, எனவே வேலையைப் பிரித்தோம். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, தேனூர் மண்டபம், இராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசும் 20 மணிநேரத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுவது. மீதி 30 மணிநேரத்துக்கு, எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று ஓரிரு வரியில் சொல்லும் நேரப்பட்டியல் மட்டும். அதற்கு ஒரு மணிநேரப் பேச்சுக்கு இரண்டு மணிநேரம் போதும். முழு எழுத்து 160, நேரப்பட்டியல் 60, திருத்தம் 40. மொத்தம் 260 மணிநேரம், 52 வேலைநாள். எந்த 20 மணிநேரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் நேரப்பட்டியல்தான் வழிகாட்டும். அதனால் 50 மணிநேரத்துக்கும் முதலில் ஒரு தோராயமான பட்டியலைப் பதிவு நடந்த அன்றே, கேள்வி கேட்டவரே போட்டுவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால், “அங்கே” என்று பெரியவர் எந்தப் பக்கம் கையைக் காட்டினார் என்பது மறந்துபோகும்.

மாதிரி எழுத்துப்படியை வெளியில் தட்டச்சுக்குக் கொடுத்ததில் இன்னொரு நஷ்டம். அழகாக அச்சிட்டுத்தான் தந்தார்கள். கோப்பைக் காப்பகத்துக்கு அனுப்பியபோது அவர்கள் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே இல்லை. பத்துப் பக்கத்தையும் மறுபடி அடித்தோம். வேலை கொடுக்கும்போதே ‘யூனிகோட்’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் பக்கம் வந்தவுடன் செல்போனில் திறந்து பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் சரி.

பேச்சை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். “எறங்குறாரு”, “வந்தாக” என்பதை ‘இறங்குகிறார்’, ‘வந்தார்கள்’ என்று திருத்தினால் மதுரைக்காரர் குரல் போய்விடும். சொன்னபடியே எழுதினால், ஒருவர் மண்டகப்படி என்றும் இன்னொருவர் மண்டாப்படி என்றும் சொல்வதைத் தேடுகிறவருக்குப் பாதிதான் அகப்படும். எழுத்துப்படியில் சொன்ன வடிவத்தையே வைத்து, பக்கத்தில் ஒரு நிரலில் பொது வடிவத்தை எழுதுவதே எங்கள் முடிவு. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் தோல்பைக்கே ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இந்தச் சொற்பட்டியலை முதல் ஐந்து அமர்விலேயே தொடங்காவிட்டால், பின்னால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

வருடம் கேட்பதுதான் பதிவில் மிகக் கடினமான வேலை. “எந்த வருஷம்?” என்று நேராகக் கேட்டால், “அது ஆச்சு ரொம்ப வருஷம்” என்பார்கள். அவர்கள் மனதில் வருடம் எண்ணாக இல்லை. எனவே ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளைப் பட்டியலாக முன்மொழிவில் இணைத்தோம்: 1959இல் வைகை அணை திறந்தது, 1975இல் நெருக்கடி நிலை, 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு. மாதிரிப் பதிவில் ஒரு பாட்டி, கூட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்று மணலில் படுத்த இரவைச் சொன்னார். அணைக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டதற்கு, “அணை வந்துருச்சு, எனக்குக் கல்யாணம் ஆகல” என்றார். மூத்த மகனுக்கு எத்தனை வயது, கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்துப் பிறந்தான் என்று கேட்டு, குறிப்பில் ‘1959க்கும் 1964க்கும் இடையில், கணிப்பு’ என்று எழுதினோம். ‘கணிப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் அடுத்து வருகிறவர் அதை உறுதியான ஆண்டாக எடுத்துக்கொள்வார். ஆதாரில் உள்ள பிறந்த ஆண்டையும் நம்ப வேண்டாம். இந்த வயதுக்காரர்கள் பலருக்கு அதுவே குத்துமதிப்பு.

ஒலியில் ஒரே எச்சரிக்கை. அந்தப் பாட்டியின் சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தியிருந்தோம். துளசி மணிமாலை அதில் உரசி, அவர் கையை ஆட்டிப் பேசிய இடமெல்லாம் ‘டக் டக்’ என்று விழுந்திருந்தது. மாலையைக் கழற்றச் சொல்வது முறையில்லை. மைக்கைத் தோள் பக்கம் மேலே ஏற்றிக் குத்தினால் போதும். மின்விசிறியை நிறுத்தாவிட்டால் பேச்சு முழுக்க இரைச்சல்தான். சித்திரை வெயிலில் அதை நிறுத்தவும் முடியாது. விழா நடக்கும் வாரத்தில் பதிவு என்று நாங்கள் போட்டிருந்ததை ஆனி, ஆடிக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். விழா நாளில் அவர்களுக்கு உட்காரவும் நேரமில்லை, பேசவும் தெம்பில்லை.

சேமிப்புக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. பேசுபவர் ஒரு தடத்தில், கேட்பவர் இன்னொரு தடத்தில். மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல், ஆக 50 மணிநேரத்துக்குச் சுமார் 52 ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்க் வெவ்வேறு வீட்டில், மூன்றாவது பிரதி காப்பகத்தில். கோப்புப் பெயரில் தமிழும் இடைவெளியும் வேண்டாம். `CHT_007_S02_A.wav` போல இருக்கட்டும். பிரதி எடுக்கும்போது கோப்பு கெடவில்லை என்று காட்ட, முதல் நாளே இதை ஓட்டிப் பட்டியலை உடன் வைக்க வேண்டும்:

```
sha256sum *.wav > sums.txt
sha256sum -c sums.txt
```

முதல் வரி முதல் நாளில், இரண்டாவது வரி ஒவ்வொரு பிரதியிலும்.

கடைசியாகப் பட்ஜெட்டில் ஒரு வரி. பேசியவர் வீட்டுக்கு அவருடைய பதிவைக் கொடுப்பதற்கு இருபது பென்டிரைவும், எழுத்துப்படியின் அச்சுப் பிரதியும். வேவ் கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல். வீட்டார் செல்போனுக்கு மாற்றுவதும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புவதும் சிரமம். 128 கேபிபிஎஸ் எம்பி3ஆக மாற்றினால் மணிக்கு அறுபது எம்பிக்குள் அடங்கிவிடும். இந்தச் செலவை முதல் வரைவில் மறந்துவிட்டு இரண்டாவதில் சேர்த்தபோது, திருத்திய பட்ஜெட்டில் புதிய தலைப்பு கூடாது என்று அடித்துவிட்டார்கள். மூன்றாவதில் ‘எழுதுபொருள்’ தலைப்பின் கீழ் விவரத்தோடு எழுதி வாங்கினோம். முதல் வரைவிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.