இருபது நிமிஷம் கேட்டேன், ஐந்து ஐம்பதுக்குத்தான் கிளம்பினேன்

நான் சிவில் முடித்துவிட்டு திருச்சியில் ஒரு கட்டுமான கம்பெனியில் இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி. நீர்வளத்துறை வேலைக்குப் பரீட்சை எழுதலாமா, அந்த வேலை உள்ளே எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் யாரிடமாவது கேட்கவேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அப்பாவின் நண்பர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் ஒருவரிடம் சொல்லி வைத்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது பொதுப்பணித்துறை. "சார், இருபது நிமிஷம் போதும்" என்றுதான் கேட்டிருந்தேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார்.

நாலு இருபதுக்கு நானே, "சார், நான் கேட்ட நேரம் ஆயிடுச்சு" என்றேன். அவர் கையை ஆட்டிவிட்டு, "உக்காரும்மா, இன்னும் மூணாறு தலைப்புக்கே வரலை" என்றார். கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் இடம் அது. எங்கள் ஊர்த் தண்ணீர் பாமணியாற்றில்தான் வருகிறது. பிறந்ததிலிருந்து பஸ்ஸில் அந்தப் பக்கம் போய்வந்தும் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. மேட்டூர் திறந்த பிறகு தலைப்பில் எத்தனை அடி ஓடுகிறது என்பதை எல்லாரும் கேட்பார்கள், கடைமடைக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பதை விவசாயிதான் கேட்பான், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வேலை என்றார். மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்கள் ராத்திரியில் ஷட்டரை ஏற்றி இறக்குவது, முறை வைத்துத் தண்ணீர் விடும்போது இரண்டு ஊருக்கு நடுவில் மாட்டிக்கொள்வது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை காபி வந்தது.

ஐந்தரைக்கு அவர் எழுந்துவிட்டார். பேரனை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டுமாம். அங்கேதான் நான் தப்பு செய்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "சார், ஒரே ஒரு கேள்வி" என்றேன். அந்த ஒரே கேள்வி வாசல்படியில் இருபது நிமிஷம் ஓடியது. அவர் மனைவி உள்ளிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கடிதமே எழுதி முடிக்கலாம். போனை எடுத்து அவருக்கு நன்றி எழுத ஆரம்பித்தேன். எழுதியதைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. "மன்னிக்கவும்" என்று நாலு இடத்தில் வந்திருந்தது. "உங்கள் பொன்னான நேரத்தை வீணடித்துவிட்டேன்" என்று வேறு. கடைசியில், "யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் சார், பயோடேட்டா இணைத்துள்ளேன்" என்றும் ஒரு வரி. நன்றி சொல்லப்போய் விண்ணப்பம் போட்டிருந்தேன்.

அனுப்பாமல் வைத்துவிட்டு, நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாலு இருபதிலிருந்து ஐந்தரை வரை போன நேரம் அவராக விரும்பிக் கொடுத்தது. நான் கிளம்புகிறேன் என்று சொல்லியும் உட்கார வைத்தார். அதற்கு மன்னிப்புக் கேட்டால், வீட்டில் கூப்பிட்டு இலை போட்டவரிடம் "உங்கள் சோற்றைத் தின்றுவிட்டேன், மன்னியுங்கள்" என்று சொல்வது மாதிரி. அவர் ஆசையாகச் சொன்னதெல்லாம் எனக்குத் தொந்தரவாகத் தெரிந்ததோ என்றுகூட அவருக்குத் தோன்றலாம். ஆனால் ஐந்தரைக்கு அப்புறம் போன இருபது நிமிஷம் நான் எடுத்துக்கொண்டது. பையன் டியூஷன் வாசலில் காத்திருந்திருப்பான். மன்னிப்பு அதற்கு மட்டும்தான், அதுவும் ஒரே வரி.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருந்தது. இருபது நிமிஷம் பேசியிருந்தால் "பேசியதற்கு நன்றி" என்பதே போதும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசியவருக்கு அப்படி அனுப்பினால், அவ்வளவும் இவள் காதில் ஏறியதா என்றிருக்கும். அதற்காகக் கேட்ட எல்லாவற்றையும் ஒப்பிக்கவும் முடியாது. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், கடைமடைக் கேள்வி. அதையொட்டி நான் செய்யப்போகிற காரியம் ஒன்று. அவர் எனக்கு வீட்டு அடையாளம் சொன்னதே தமிழில் தட்டச்சு செய்து அனுப்பியதுதான், அதனால் நானும் தமிழிலேயே எழுதினேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பதை எல்லாரும் ரசிப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் யோசனை வந்தது, உடனே விட்டுவிட்டேன். மறுபடியும் என் பேச்சை உட்கார்ந்து கேட்க வைப்பதா?

முடிவாக எழுதியது இதுதான்:

"வணக்கம் சார். நேற்று இருபது நிமிஷம் கேட்டு வந்த எனக்கு மாலை முழுவதையும் கொடுத்தீர்கள், மிக்க நன்றி. கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் சேர்ந்தது என்று கேட்கச் சொன்னது மனதிலேயே நிற்கிறது. அடுத்த ஞாயிறு மூணாறு தலைப்புக்குப் போய் கேஜைப் பார்க்கப் போகிறேன். கிளம்பும் நேரத்தில் வாசலில் நிறுத்தி வைத்தது என் தவறு, தம்பியைக் காக்க வைத்திருப்பேன், மன்னிக்கவும். அம்மாவிடம் காபிக்கு நன்றி சொல்லுங்கள்."

பயோடேட்டாவை எடுத்துவிட்டேன். அவரே பேச்சுவாக்கில், தன்னிடம் வேலை பார்த்த ஒரு உதவிப் பொறியாளர் நம்பர் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக்கூட ஞாபகப்படுத்தவில்லை. நன்றியோடு சேர்த்துக் கேட்டால் முன்னால் எழுதியதெல்லாம் அதற்கான பீடிகையாகிவிடும்.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றில் கோட்டைவிட்டேன். ராத்திரி அனுப்ப வேண்டாம், காலையில் இன்னொரு தடவை படித்துவிட்டு அனுப்பலாம் என்று படுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு மாமா போன். "என்னம்மா, போய்ட்டு வந்தவ ஒரு வார்த்தை சொல்லலியே? நானே இப்ப அவருக்குப் போன் பண்ணேன், பிள்ளை நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்துச்சான்னு அவர் கேக்குறாரு." ஊர் வந்து சேர்ந்த உடனே "வந்துட்டேன் சார்" என்று ஒரு வரி அவருக்கும், மாமாவுக்கு ஒரு போனும் போட்டிருந்தால் போதும், விரிவான நன்றியைக் காலையில் அனுப்பியிருக்கலாம். அறிமுகம் செய்து வைத்தவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாமாவிடம் அசடு வழிந்துவிட்டு எட்டே காலுக்கு மெசேஜை அனுப்பினேன், முதல் வரிக்கு முன்னால் "நல்லபடியாக வந்து சேர்ந்தேன், நேற்றே சொல்லியிருக்க வேண்டும்" என்று சேர்த்து.

மதியம் ஒரு கும்பிடு மட்டும் வந்தது. சரி, கோபமில்லை.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மூணாறு தலைப்பில் இறங்கினேன். போகாமல் இருந்திருந்தால் அந்த மெசேஜ் பொய்யாகியிருக்கும், அந்தப் பயமே பாதி தள்ளிக்கொண்டு போனது. பாமணியாற்றுப் பக்கம் நீர்மட்டம் காட்டும் கேஜில் தண்ணீர் நின்ற இடத்தைப் படம் எடுத்து, இரண்டே வரி எழுதி அனுப்பினேன். இதிலும் எதையும் கேட்கவில்லை.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? நேரம் போடாத ரீடிங் ரீடிங்கே இல்லை." அதற்குக் கீழேயே அந்த உதவிப் பொறியாளரின் நம்பர்.