ஷியான் கடைச் சுவரில் ஒரு நூடுல்ஸ் படம்

சீனாவின் ஷியான் நகரத்தில், முஸ்லிம் தெருவை ஒட்டிய ஒரு சந்துக் கடை. மெனு ஒரு எழுத்தும் புரியவில்லை. நல்லவேளை, சுவர் முழுக்கப் படங்கள். மிளகாய் எண்ணெயில் பளபளத்த அகலப் பட்டை ஒன்றைக் காட்டினேன். அந்த ஊரின் பேர்பெற்ற பியாங்பியாங் நூடுல்ஸ் என்று நினைப்பு. வந்ததோ ஜில்லென்று, வினிகர் நெடியுடன் லியாங்பி. டிசம்பர் குளிரில்!

பக்கத்து மேசையில் ஒருவர் நிஜமான பியாங்பியாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் அகலப் பட்டைதான், ஆனால் ஓரம் வேறு.

அவருடையதில் ஓரம் நேராக இல்லை. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. காரணம் சமையல்கட்டிலேயே தெரிந்தது. எண்ணெய் தடவி ஊறவைத்த மாவைத் தட்டையாக்கி, நடுவே நீளவாக்கில் ஒரு குச்சியால் அழுத்திப் பள்ளம் போடுகிறார்கள். பிறகு இரு முனையையும் பிடித்து இழுத்துப் பலகையில் பட்டென்று அடிக்கிறார்கள். கடைசியில் அந்தப் பள்ளத்தோடு கிழித்துக் கொதிநீரில் போடுகிறார்கள். கிழித்த மாவுக்கு நேர்கோடு ஏது?

என் தட்டில் எல்லாம் கத்தி வெட்டிய நேர் ஓரம். பட்டை கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவியது. பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் மாவுச்சத்தைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து நறுக்குவதுதான் லியாங்பி. அலசியபின் கையில் மிஞ்சும் பசையையும் வீணாக்குவதில்லை. அதை வேகவைத்துத் துண்டு போட்டுச் சேர்க்கிறார்கள். தட்டில் கிடந்த ஓட்டை ஓட்டையான பஞ்சுத் துண்டுகள் அவைதான். சுவர்ப் படத்திலும் இருந்தன; நான்தான் பனீர் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் ஓரத்தைப் பார்த்தே ஆர்டர் செய்தேன். நடுவில் தடித்து, இரு முனையும் கூர்ந்து, நீண்ட இலை போல இருந்தால் தாவ்ஷியாவ்மியன்: மாவுக் கட்டியைக் கையில் ஏந்தி வளைந்த தகட்டால் நேரே கொதிநீருக்குள் சீவுவது. நூல் போல ஒரே கனத்தில் உருண்டு நீண்டிருந்தால் லான்சோ பாணி லாமியன். மடித்து மடித்து இழுப்பதால் ஏழாவது மடிப்பில் 128 இழை.

ரொட்டியில்தான் ஒருமுறை மறுபடி சறுக்கினேன். கிண்ணத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு, அதில் விரல்நுனி அளவு மாவுத் துண்டுகள். ஏதோ குட்டிப் பாஸ்தா என்று கை காட்டினேன். கடைக்காரம்மா வெறும் கிண்ணத்தையும் இரண்டு கெட்டி ரொட்டியையும் என் முன்னால் வைத்துவிட்டு, பிய்த்துப் போடு என்று விரலால் ஜாடை காட்டினார். அது பாவ்மோ. ரொட்டியைப் பொடியாகப் பிய்ப்பது சாப்பிடுகிறவர் வேலை. அதன் பிறகுதான் குழம்பில் போட்டுச் சமைப்பார்கள். என் துண்டுகளைப் பார்த்ததும் பெரிசாக இருக்கிறது என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். இன்னும் அரைமணி நேரம் பிய்த்தேன்.