பில் எண்ணை மாற்றினால் அடுத்தவர் கணக்கு திறந்தது

குமுளியில் மாமாவின் ஏலக்காய் கடையில் ஒரு பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. கடைக் கம்ப்யூட்டரிலேயே நிறுவியது. காய் போடும் விவசாயிகள் மொபைலில் லாகின் செய்து எடை, விலை, வாங்கிய முன்பணம் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். பில் திறக்கும்போது முகவரியில் வரும் எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. மாமாவிடம் கேட்டுக்கொண்டு இரண்டு போலிக் கணக்குகள் உருவாக்கி, ஆளுக்கொரு பில் போட்டேன். முதல் போலிக் கணக்கில் உள்ளே போய் எண்ணை மாற்றினேன். இரண்டாம் ஆளின் பில் அப்படியே திறந்தது.

நிஜ விவசாயி யாருடைய கணக்கையும் தொடவில்லை. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் போவது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். நல்லெண்ணத்தில் சோதித்தவர்களுக்கு அதில் தனி விலக்கு எழுதப்படவில்லை.

பாதுகாப்புக் குறையை யாரிடம் சொல்வது என்று எழுதிவைக்கும் security.txt கோப்பு, மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் இல்லை. அதனால் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு, விவரம் எதுவும் சொல்லாமல், பாதுகாப்புப் பிரச்சினையை யாரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. அப்புறம் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினேன். மத்திய அரசின் அந்த அமைப்பு நடுவில் நின்று நிறுவனத்தைத் தொடர்புகொள்ளும், குறையை எல்லோரும் ஒரே பெயரில் அடையாளம் காண உதவும் சி.வி.இ. எண்ணும் வழங்கும். அதன் பிறகு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பேசினார். பதிப்பு எண், செய்த படிகள், வந்த விளைவு, சரிசெய்ய 90 நாள் அவகாசம் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

“லாகின் இருக்கே சார், வெளியாள் எப்படி வருவான்?” என்று கேட்டார். லாகின் ஆள் யார் என்பதை மட்டும்தான் சொல்கிறது, இந்த பில் அவருடையதா என்பதை சர்வர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டு ஒரு சோதனைப் பதிப்பு அனுப்பினார்கள். பழைய போலிக் கணக்குகளை வைத்து மறுபடி பார்த்தேன்:

```
/bill/view?id=1042   தடுத்தது
/bill/pdf?id=1042    திறந்தது
```

பக்கத்தைப் பூட்டியவர்கள் பி.டி.எஃப். இறக்கும் வழியை விட்டுவிட்டார்கள். இந்த வகைக் குறையில் இது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு பக்கமாகத் தடுத்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். தரவை எடுக்கும் ஒரே இடத்தில் சரிபார்ப்பை வைக்கச் சொன்னேன். அடுத்த பதிப்பில் இரண்டும் மூடின.

இந்தக் குறை பற்றிய பொது அறிவிப்பை எப்போது விடுவது என்பதில்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு கடையும் தானே அப்டேட் போட வேண்டும்; புத்தடி, போடி ஏல நாட்களில் யாரும் கம்ப்யூட்டரை நிறுத்த மாட்டார்கள். பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டாலே ஓட்டை எங்கே என்று விவரமானவருக்குத் தெரிந்துவிடும். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு, திருத்தம் வந்த பிறகும் விவரத்தை 30 நாள் நிறுத்திவைக்கும். அதையே கேட்டேன். முதல் அறிவிப்பில் பாதிக்கப்பட்ட பதிப்புகள், திருத்தப்பட்ட பதிப்பு, சி.வி.இ. எண், உடனே அப்டேட் போடச் சொல்லி ஒரு வரி, இவ்வளவுதான். எண்ணை மாற்றும் விஷயத்தை அந்த அவகாசம் முடிந்த பிறகே வெளியிட்டேன்.