பாவாடை நாடாவுக்கு அடியில் இருந்த பொருக்கு

காவிரிப் படுகையில் உள்ள ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், ஐப்பசியில் தொடங்கித் தை முடியும்வரை வார்டு முழுக்கக் காய்ச்சல் நோயாளிகளாகவே இருப்பார்கள். டெங்குவும் டைபாய்டும் அவற்றில் உண்டு என்றாலும், அவற்றுக்கான பரிசோதனைகள் எல்லார் நினைவிலும் முதலில் வந்துவிடும். நான் தடுமாறியது வேறு இரண்டு காய்ச்சல்களிடையே. ஒன்று எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ். மற்றொன்று ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்கள் இதை உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுகின்றன. அந்தப் பெயரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உண்ணி என்றதும் மக்கள் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் தொங்கும் பருத்த உண்ணியை நினைத்துக்கொண்டு, 'அப்படி எதுவும் என்னைக் கடிக்கவில்லை' என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் கடிப்பது, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம். அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன நோயாளி ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் வாய்க்கால் உடைந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வந்த பத்தாம் நாள், நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா எட்டு நாள் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். கடுமையான தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல். வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதாகவும், அதை இறைத்துக் கொட்டியதாகவும் சொன்னார். ரத்தத் தட்டணுக்கள் 82,000. கல்லீரல் நொதிகள் இரண்டும் 150-ஐ ஒட்டி இருந்தன, மஞ்சள்காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.1 மட்டுமே. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் இயல்பு. எலிக்காய்ச்சலுக்கான துரிதப் பரிசோதனை அட்டையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. வெள்ளம், காய்ச்சல், கோடு ஆகிய மூன்றையும் சேர்த்து எலிக்காய்ச்சல் என்று எழுதி, செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத் தொடங்கினேன். எலிக்காய்ச்சலுக்கு அது நல்ல மருந்துதான்.

மூன்று நாள் கழித்தும் அவருக்குக் காய்ச்சல் 103 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. அன்று பிற்பகல் அதே வெள்ளத்தைப் பார்த்த இன்னொருவர் வந்தார். பஞ்சாயத்து வேலையாக இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மதகடியில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை அள்ளியவர் அவர். காலில் சேற்றுப்புண் இருந்தது. தண்ணீரில் இறங்கி எட்டு நாள் ஒன்றும் இல்லாமல் இருந்து, ஒன்பதாம் நாள் குளிரும் காய்ச்சலுமாகத் தொடங்கியிருக்கிறது. ஐந்தாம் நாள் எங்களிடம் வந்தபோது கண்கள் இரண்டும் செக்கச்சிவந்திருந்தன. ஆனால் கண்வலியில் வருவதுபோல் பீளையோ நீர்வடிதலோ இல்லை. கெண்டைக்காலில் லேசாக விரல் பட்டதுமே, 'ஐயோ, தொடாதீங்க டாக்டரய்யா' என்று காலை இழுத்துக்கொண்டார். தோல் மஞ்சள் பூத்திருந்தது.

அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், முதல் நோயாளியிடம் நான் எதையெல்லாம் வலிந்து பொருத்தியிருந்தேன் என்பது புலப்பட்டது. இவருக்குப் பிலிருபின் 9-ஐத் தாண்டியிருந்தது, கல்லீரல் நொதிகளோ நூறைக்கூட எட்டவில்லை. சாதாரண மஞ்சள்காமாலையில் கல்லீரல் செல்கள் சிதைவதால் நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறும். எலிக்காய்ச்சலில் செல்கள் பெரிதாகச் சாவதில்லை, பித்தத்தை வெளியேற்றும் வேலைதான் கெடுகிறது. ஆகவே மஞ்சள் அதிகமாகவும் நொதி குறைவாகவும் இருக்கும் இந்தப் பொருத்தமின்மையே ஒரு தடயம். கிரியாட்டினின் 3.8. சிறுநீரகம் இந்த அளவுக்குப் பழுதானால் பொதுவாகச் சிறுநீர் குறைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இவருக்குச் சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பொட்டாசியமோ 3.1 என இறங்கியிருந்தது. இந்தக் கிருமி சிறுநீரகத்தின் நுண்குழல்களைத் தாக்குவதால், அவை உப்பையும் பொட்டாசியத்தையும் பிடித்துவைக்க முடியாமல் ஒழுகவிடுகின்றன. கெண்டைக்கால் வலிக்கு ஏற்பத் தசை நொதியான சி.பி.கே.யும் பல மடங்கு ஏறியிருந்தது.

அந்த அம்மாவிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவருக்கு மஞ்சள் இல்லாமல் நொதிகள்தான் ஏறியிருந்தன, சிறுநீரகம் நன்றாக இருந்தது, கெண்டைக்காலை அழுத்தினால் முகம்கூடச் சுளிக்கவில்லை. எல்லாவற்றையும்விட நாள்கணக்கு இடித்தது. தண்ணீர் புகுந்த மூன்றாம் நாளே அவருக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. எலிக்காய்ச்சல் கிருமி தோல்கீறல் வழியாகவோ கண், வாய்ச் சவ்வுகள் வழியாகவோ உள்ளே போன பிறகு, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டே நாளில் காய்ச்சல் வருவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. அப்படியானால் காய்ச்சலுக்கான காரணத்தை வெள்ளத்துக்கு முந்தைய நாட்களில் தேடியிருக்க வேண்டும். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அன்று மாலை கேட்டேன். வெள்ளத்துக்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்றதற்கு, 'என்ன வேல, ஆட்டுக்குப் புல்லறுக்க தெனமும் வாய்க்கா மேட்டுக்குப் போவேன்' என்றார். புதர் மண்டிய வரப்பும் வாய்க்கால் கரையும்தான் சிற்றுண்ணியின் இருப்பிடம். வளர்ந்த சிற்றுண்ணி மண்ணில் வாழ்கிறது, மனிதரைக் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பருவம் மட்டும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒரு விலங்கின் தோலில் ஒட்டிக்கொண்டு, சில நாட்கள் திசுநீரை உறிஞ்சிவிட்டு விழுந்துவிடும். வழக்கமாக அந்த விலங்கு எலி. புல்லில் அமர்ந்து அறுக்கும் பெண் குறுக்கே வந்தால் அவர்மேலும் ஏறும். ஸ்க்ரப் டைபஸ் கிருமியைத் தாய்ச் சிற்றுண்ணி முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கொடுத்துவிடுவதால், ஒரு கரைமேட்டில் கிருமி குடிபுகுந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கும். இரண்டு நோய்களிலும் எலி உண்டு என்றாலும் அதன் பங்கு வேறு. ஒன்றில் எலியின் சிறுநீர் தண்ணீரில் கலந்து நம்மிடம் வருகிறது. மற்றொன்றில் எலி சிற்றுண்ணிக்குச் சாப்பாடு போடுகிறது, அவ்வளவே.

சிற்றுண்ணி கடித்த இடத்தில் பலருக்கு ஒரு புண் உண்டாகி, நடுவில் கறுத்து, சிகரெட்டால் சுட்ட தழும்புபோல் பொருக்குத் தட்டும். ஆங்கில மருத்துவத்தில் அதற்கு எஸ்கார் என்று பெயர். எல்லா நோயாளிக்கும் இது இருக்காது. ஆனால் இருந்தால், எந்த ரத்தப் பரிசோதனையும் தராத உறுதியை அது தரும். சிக்கல் என்னவென்றால் அது வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை. உடலில் ஊர்ந்து போகும் சிற்றுண்ணி, துணி இறுகிப் பிடிக்கும் இடத்தில் அல்லது மடிப்பில் நின்றுவிடுகிறது. இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்பின் அடிமடிப்பு, காதின் பின்புறம், பிறப்புறுப்பு ஆகியவையே அந்த இடங்கள். இவை யாவும் நாங்கள் அவசரத்தில் பார்க்காமல் விடும் இடங்கள். கூட்டமான வார்டில், ஆண் மருத்துவர் ஒருவர் கிராமத்துப் பெண்ணின் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொல்லத் தயங்குகிறார். நானும் தயங்கியிருந்தேன், கேஸ் ஷீட்டில் 'தோலில் தடிப்பு இல்லை' என்று எழுதவும் செய்திருந்தேன்.

இரவுப் பணியில் இருந்த மூத்த செவிலியரிடம் சொன்னேன். திரையை இழுத்துவிட்டு, துணி மாற்றும் சாக்கில் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, 'சார், நாடாவுக்கு அடியிலேயே இருக்கு, வந்து பாருங்க' என்றார். இடப்பக்க இடுப்பில், நாடா பதிந்த வரிக்கு நடுவில், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கறுப்புப் பொருக்கு; சுற்றிலும் சிவப்பு விளிம்பு. அதன் மேல் மஞ்சள் அப்பியிருந்தது. அதே பக்கத்து அரைக்கட்டில் நெறி கட்டியிருந்ததையும் அப்போதுதான் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜன் அளவு 91, மார்பு எக்ஸ்-ரேயில் இரு பக்கமும் படலம். செஃப்ட்ரியாக்சோன் ஏன் பயன்படவில்லை என்பதற்கு விளக்கம் எளிது. ஸ்க்ரப் டைபஸ் கிருமி ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது, பென்சிலின் குடும்பத்து மருந்துகளும் செஃப்ட்ரியாக்சோனும் அதை ஒன்றும் செய்வதில்லை. எலிக்காய்ச்சல் கிருமிக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். டாக்சிசைக்ளின் இரண்டுக்கும் கேட்கும். முதல் நாளிலேயே ஊசியோடு டாக்சிசைக்ளினையும் சேர்த்திருந்தால், என் நோய்க்கணிப்பு தவறாக இருந்தும் அவர் மூச்சுத்திணறல்வரை போயிருக்க மாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். அன்றிரவே 100 மில்லிகிராம் வேளைக்கு ஒன்றாக, நாளைக்கு இரண்டு வேளை தொடங்கினோம். மறுநாள் இரவு காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் ஆக்சிஜனை நிறுத்தினோம். இப்படி இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விடுவதே ஸ்க்ரப் டைபஸின் ஒரு குணம். விடவில்லை என்றால் நோயே வேறாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

இன்று அதே நிலையில் ஒருவர் வந்தால் டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகத் தருவேன். இந்திய மருத்துவமனைகளில் கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் ஏறத்தாழ 800 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தனித்தனி மருந்தைவிட இந்தச் சேர்க்கை மேலானது என்று தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் மட்டும்.

அந்த மங்கலான கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு நோய்களிலும் எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம் ஆகும் என்பதால், முதல் சில நாட்களில் பரிசோதனை இல்லை என்று காட்டினாலும் நோய் இருக்கலாம். மறுபுறம், எப்போதோ வந்துபோன எலிக்காய்ச்சலின் எதிர்ப்பொருள் பல மாதங்கள் ரத்தத்தில் தங்கும். ஆண்டுதோறும் சேற்றில் நிற்கும் ஊரில் மங்கலான கோடு என்பது பழைய கணக்காகவும் இருக்கலாம். எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா பரிசோதனையின் முடிவு பிறகு வந்தபோது, அந்த அம்மாவுக்கு ஸ்க்ரப் டைபஸ் தெளிவாகவே உறுதியானது. எலிக்காய்ச்சல் அளவோ ஐயத்துக்குரிய எல்லையிலேயே நின்றது. மதகடியில் வேலை செய்தவருக்குச் செஃப்ட்ரியாக்சோனும் பொட்டாசியமும் தந்து, டயாலிசிஸ் தேவைப்படாமலே கிரியாட்டினின் ஒன்பது நாளில் இயல்புக்கு வந்தது. அவரிடம் நான் அஞ்சியது நுரையீரல் ரத்தக்கசிவை. இருமலில் ரத்தம் வருகிறதா என்று வேளைக்கு வேளை கேட்டுக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா மறுபரிசோதனைக்கு வந்தார். பொருக்கு உதிர்ந்து, வெளிறிய சிறு வட்டம் மட்டும் இருந்தது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று செவிலியர் கேட்டதற்கு, 'நாடா ஒரசுன புண்ணுன்னு நெனச்சு மஞ்ச வச்சேன்மா. காச்சலுக்கு வந்த எடத்துல இதப் போயி யாரு கேட்டா?' என்றார். கேஸ் ஷீட்டில் நான் எழுதியிருந்த 'தோலில் தடிப்பு இல்லை' என்ற வரியை அன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். தேதியும் என் கையெழுத்தும் அதன் கீழே தெளிவாக இருந்தன.