உலை வைக்கும் முன்பே: விஷனிலிருந்து ஸ்பிரிண்ட் பேக்லாக் வரை

எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டில் அஜைல் பாடத்துக்காக ஐந்து பேர் கொண்ட குழுவாக ஒரு செயலியை உருவாக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிண்ட் எனப்படும் வேலைச் சுற்று ஒவ்வொன்றும் 2 வாரம், மொத்தம் 3 ஸ்பிரிண்ட். எங்கள் விடுதி மெஸ்ஸில் தினமும் மீந்த சோறு குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதையே பொருளாக எடுத்துக்கொண்டோம். குழுவில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் வகுப்பில் நான் எழுதிய விஷன் இது: "விடுதி மெஸ்ஸுக்கான முழுமையான டிஜிட்டல் தீர்வு." பாடம் நடத்திய மேடம் அதைப் படித்துவிட்டு, "இந்த வரியை வைத்துக்கொண்டு எதையாவது வேண்டாம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார். முடியாது. மெஸ் கட்டணம், உணவுப் பட்டியல், புகார்ப் பெட்டி, பெற்றோருக்குக் குறுஞ்செய்தி என்று எதைக் கொண்டுவந்தாலும் அந்த வரி இடம் கொடுத்தது. யாருக்காக, எந்தத் தொல்லைக்காக, அது தீர்ந்ததை எப்படி அறிவோம் என்ற மூன்றும் அதில் இல்லை. இரண்டு நாள் கழித்து இப்படி மாற்றினேன்: "நாளை எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதை உலை வைக்கும் முன்பே சமையலறைக்குச் சொல்லி, சமைத்த உணவு வீணாகாமல் காப்பது."

அடுத்தது ரோட்மேப். நான் போட்ட முதல் ரோட்மேப்பில் தேதிகளும் வசதிகளும் மட்டுமே இருந்தன: முதல் ஸ்பிரிண்டில் லாகின், இரண்டாவதில் கட்டணம், மூன்றாவதில் அறிக்கைகள். செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்கில் இருந்த 23 அட்டைகளையே பெரிய எழுத்தில் மறுபடியும் எழுதியிருக்கிறேன் என்பது மேடம் சுட்டிக்காட்டிய பிறகுதான் உறைத்தது. ரோட்மேப்பின் ஒவ்வொரு வரியிலும் என்ன மாற்றம் நடக்க வேண்டும், அதை எதைக்கொண்டு அளப்போம் என்று இருக்க வேண்டும். எங்கள் முதல் வரி இப்படி ஆனது: "காலை உணவுக்கான எண்ணிக்கை முந்தைய இரவு 9 மணிக்கே தெரிய வேண்டும், சொன்ன எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்த தட்டுகளுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் கூடாது." இரண்டாவது வரி மதிய உணவு. மூன்றாவது வரி, சாப்பிடாத நாட்களுக்கு மாதக் கட்டணத்தில் கழிவு. பிறகு ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் அது ரோட்மேப்பின் எந்த வரியைச் சேர்ந்தது என்று எண் எழுதினோம். 9 அட்டைகளுக்கு எழுத எண்ணே கிடைக்கவில்லை. புகைப்படம் பதிவேற்றுவது, கடவுச்சொல் மாற்றுவது, பெற்றோருக்குச் செய்தி எல்லாம் அதில் அடக்கம். அவற்றைத் தனியே ஒதுக்கினோம்.

ரோட்மேப் என்ற சொல் அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேட்டில் கிடையாது. 2020 பதிப்பில் 'புராடக்ட் கோல்' என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். புராடக்ட் பேக்லாக் எதை நோக்கிப் போகிறது என்பதைச் சொல்வது அது. நாங்கள் ரோட்மேப்பின் அப்போதைய முதல் வரியையே புராடக்ட் கோலாக எடுத்துக்கொண்டோம். மேலே இருக்கும் விஷனும் கீழே இருக்கும் அட்டைகளும் ஒன்றையொன்று தொடும் இடம் அதுதான்.

இவ்வளவு செய்தும் முதல் ஸ்பிரிண்டில் கோட்டைவிட்டோம். திட்டமிடும் கூட்டத்தில் முதலில் அட்டைகளைப் பொறுக்கினோம். கடைசி 5 நிமிடத்தில், எடுத்த அட்டைகளுக்குப் பொருந்துகிற மாதிரி "பயனர் நுழைவை முடிப்பது" என்று ஸ்பிரிண்ட் கோல் எழுதினோம். இரண்டு வாரம் கழித்து, செய்ததைக் காட்டும் ரிவியூவுக்கு மெஸ் மாஸ்டரை அழைத்துவந்தோம். லாகின் திரையைப் பொறுமையாகப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை பேர் என்பது எனக்கு எப்போது தெரியும், தம்பி?" என்று கேட்டார். இரவு 9 மணிக்கு என்றேன்.

"ஒன்பது மணிக்குத் தெரிந்து நான் என்ன செய்வது? இட்லிக்கு மதியமே அரிசி, உளுந்து ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து வைத்துவிடுவேனே. மதியச் சோறு என்றால் சொல்லுங்கள். காலையில்தான் அரிசி அளந்து எடுக்கிறேன்."

எங்கள் ரோட்மேப்பின் முதல் வரி அந்த ஒரு பதிலில் கவிழ்ந்தது. ஆனால் விஷனில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இட்லிக்கு மாவு ஆட்டுவதுதான் உலை வைப்பது, அவ்வளவே. அன்று மாலையே மதிய உணவை முதல் வரிக்கு ஏற்றினோம். காலை உணவை இரண்டாவதாக்கி, 'இரவு 9 மணி' என்பதை 'முந்தைய நாள் காலை 11 மணி' என்று திருத்தினோம். அதுவரை இந்தத் தொடர்பை மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டாக மட்டுமே நினைத்திருந்தேன். ரிவியூவில் தெரியவந்தது கீழிருந்து மேலே ஏறி ரோட்மேப்பைத் திருத்தும் என்பதை அங்கேதான் கண்டேன்.

இரண்டாவது ஸ்பிரிண்டில் வரிசையைத் திருப்பினோம். முதலில் கோல்: "வார நாட்களில், அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதை மாஸ்டர் காலை 6 மணிக்குத் தாளில் பார்க்க வேண்டும்." அதன் பிறகே அட்டைகளைத் தேர்ந்தோம். மாணவர் வருகிறேன், வரவில்லை என்று குறிப்பது. இரவு 9 மணிக்குக் குறிப்பு மூடுவது. எண்ணிக்கையைத் தாளில் அச்சிடுவது. குறிக்காதவர்களுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி. மொத்தம் நான்கே அட்டைகள். ஒவ்வொன்றையும் ஒரு நாளில் முடியும் வேலைகளாகப் பிரித்து ஒட்டினோம். ஸ்பிரிண்ட் பேக்லாக் என்றால் எடுத்த அட்டைகளின் பட்டியல் மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். ஏன் என்பதற்கு ஸ்பிரிண்ட் கோல், எது என்பதற்கு அட்டைகள், எப்படி என்பதற்கு வேலைத் திட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அது.

ஆறாம் நாள் குறுஞ்செய்தி வேலை நின்றது. செய்தி அனுப்பும் சேவைக்கான பதிவு ஒப்புதல் வரவில்லை. முதல் ஸ்பிரிண்டாக இருந்திருந்தால் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். இம்முறை கேட்க வேண்டிய கேள்வி எங்களிடம் இருந்தது: இது இல்லாமல் 6 மணிக்குத் தாள் வருமா? வரும். குறிக்காதவர்களை 'வருகிறார்' என்று கணக்கிட்டால் போதும். புராடக்ட் ஓனர் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்ள, அந்த அட்டையைப் புராடக்ட் பேக்லாக்குக்குத் திருப்பி அனுப்பினோம். கோல் அப்படியே நின்றது. ஸ்பிரிண்ட் நடுவில் வேலையின் அளவைக் குழுவும் புராடக்ட் ஓனரும் பேசி மாற்றிக்கொள்ளலாம். கோலுக்கு ஆபத்து வரும் மாற்றத்தைச் செய்யக்கூடாது என்ற விதி எனக்குப் புரிந்தது அந்த ஆறாம் நாளில்தான்.

ஒன்பதாம் நாள் முதல் தாள் சமையலறைக்குப் போனது. 180 பேர் விடுதியில் 152 என்று அச்சாகியிருந்தது. பிற்பகல் தட்டுகளை எண்ணினோம்: 139. வித்தியாசம் 13; நாங்கள் வைத்த அளவுக்குள் வரவில்லை. குறிக்காமல் விட்ட 31 பேரில் 13 பேர் சாப்பிட வரவே இல்லை. நினைவூட்டல் அட்டை மூன்றாவது ஸ்பிரிண்டின் தலைக்கு ஏறியது இதனால்தான். குறுஞ்செய்திக்குக் காத்திருக்காமல், இரவு 8 மணிக்கு அறைவாரியாகப் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று அதை மாற்றி எழுதினோம்.

இறுதி மதிப்பீட்டில் மேடம் பலகையிலிருந்து ஓர் அட்டையை உருவி என்னிடம் நீட்டினார். "தாளில் எண்ணின் எழுத்தளவைப் பெரிதாக்கு" என்று இருந்தது. "இது எங்கே போய்ச் சேருகிறது, சொல்லுங்கள்" என்றார். காலை 6 மணிக்குச் சமையலறையில் ஒரே ஒரு விளக்கு எரியும், மாஸ்டர் கண்ணாடி அணியாமல்தான் வருவார், எண் சிறியதாக இருந்தால் வழக்கமான அளவு அரிசியையே போட்டுவிடுவார், அப்படிப் போட்டால் ரோட்மேப்பின் முதல் வரி நிறைவேறாது, சோறு மீந்துவிடும் என்றேன். மேடம் தலையசைத்து, அட்டையை இருந்த இடத்திலேயே ஒட்டினார்.