எத்தனை நிமிடம் என்று தெரியாமல் செய்த பிரசன்டேஷன்

வெள்ளிக்கிழமை மாலை 5.40க்கு சார் போன் செய்தார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அண்ணா நகர்ல ஒரு குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம். மழைநீர் சேகரிப்பு பத்தி நீங்க ஒரு பிபிடி போட்டுப் பேசிடுங்க. நான் மதுரைக்குக் கிளம்பிட்டேன், கல்யாணம்." எவ்வளவு நேரம் சார் என்றேன். "அவங்க சொல்லுவாங்க." எத்தனை ஸ்லைடு? "போடுங்க, ஒரு பத்து இருபது." யார் யார் வர்றாங்க என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அடுக்குமாடிகளுக்கு மழைநீர்க் குழாயும் கிணறும் அமைத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. மாடியை அளப்பது, எஸ்டிமேட் போடுவது என் வேலை. மேடை சாரோடது. சங்கத்துச் செயலாளர் எண்ணுக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு நின்றது. ஆறரை வரை போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் முக்கால் மணி நேரம் வீண்.

அப்புறம்தான் தோன்றியது, சார் அனுப்பிய அழைப்பிதழில் மண்டபத்தின் எண் இருக்கிறதே என்று. மண்டபம் பார்த்துக்கொள்பவர் எடுத்தார். நாளைக்குக் கூட்டம் எத்தனை மணி வரைக்கும்ணே என்று கேட்டதும் அவரே அடுக்கினார்: பதினொன்றரைக்கு ஹாலைக் காலி பண்ணித் தரணும், மதியம் வளைகாப்பு, டெக்கரேஷன்காரர்கள் வந்துவிடுவார்கள். எண்பது நாற்காலி. மேடையில் நாலு. பதினொரு மணிக்கு காபி, பிஸ்கட். புரொஜெக்டரும் லேப்டாப்பும் சங்கத்தில் கொண்டுவருகிறார்கள்.

செயலாளரிடம் கேட்க நினைத்ததில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்தது. பத்து மணி என்றால் பத்தே காலுக்கு முன் தொடங்காது. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைவர் உரை முடிய பத்தரை தாண்டும். மேடையில் நாலு நாற்காலி என்றால் என்னைத் தவிர இன்னும் ஒருவராவது பேசுவார். காபி வாசனை வந்தபின் யாரும் கேட்க மாட்டார்கள். ஆக எனக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏழெட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை சங்கக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அண்ணா நகரில் அப்படி எண்பது பேர் உட்கார்ந்தால் அதில் நாலைந்து பேராவது முன்னாள் இன்ஜினியர்களாக இருப்பார்கள். அவர்கள்தான் கேள்வி கேட்பார்கள்.

பவர்பாயின்ட்டைத் திறக்கவில்லை. திறந்தால் தலைப்பு ஸ்லைடுக்கு நிறம் தேடுவதில் ஒரு மணி நேரம் போகும் என்று எனக்கே தெரியும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு கேள்வி எழுதினேன்: மூன்றே நிமிடம் கொடுத்தால் எதைச் சொல்வேன்?

மழைநீர் சேகரிப்பு ஏன் முக்கியம் என்பது இல்லை. 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாதது, தங்கள் மாடியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பது. தாளில் கணக்குப் போட்டேன். ஒரு கிரவுண்ட் மாடி, அதாவது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். செய்தியில் "நுங்கம்பாக்கத்தில் 5 சென்டிமீட்டர்" என்கிறார்களே, அது 50 மில்லிமீட்டர். 223ஐ 50ஆல் பெருக்கினால் 11,150 லிட்டர். மாடித் தளத்தில் ஊறுவது, ஆவியாவது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விடுவது எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் ஏறக்குறைய 8,900. பெரிய தண்ணீர் லாரி ஒன்று 9,000 லிட்டர்.

ஒரு நாள் நல்ல மழை, ஒரு லாரி. பேச்சின் உயிர் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் ஒட்டுவது என்று முடிவு செய்தேன்.

அதனால் இந்த ஸ்லைடைத்தான் முதலில் செய்தேன். ஒரு மாடிப் படம், ஒரு லாரிப் படம், நடுவில் சமக்குறி, கீழே மூன்று எண்கள். பேச்சு எவ்வளவு ஆழமாகப் போக வேண்டும் என்ற கேள்விக்கும் இதிலேயே ஒரு வழி கிடைத்தது. ஸ்லைடு ஒன்றுதான், வாயால் சொல்வதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரர்களுக்கு "ஒரு லாரி" போதும். இன்ஜினியர் முகம் தெரிந்தால், ஐந்தில் ஒரு பங்கு கழித்ததை அவர்கள் மொழியில் "வழிந்தோடும் குணகம் 0.8 என்று எடுத்திருக்கிறேன், ஓட்டுக்கூரைக்கு மாறும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். நேரம் இருந்தால் ஆண்டுக் கணக்கு: சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் என்று வைத்தால் அதே மாடியில் இரண்டரை லட்சம் லிட்டர், இருபத்தேழு லாரிக்கு மேல்.

பிறகு அதற்கு இரு பக்கமும் நாலு ஸ்லைடு. இப்போது அந்தத் தண்ணீர் குழாய் வழியாக நேரே தெருவுக்குப் போவது ஒன்று. குழாயை வடிகட்டித் தொட்டி வழியாகப் பழைய கிணற்றுக்குத் திருப்பும் வரைபடம் ஒன்று. களிமண் பற்றி ஒன்று. அண்ணா நகர் பக்கம் நிறைய இடத்தில் களிமண், அங்கே ஆழமில்லாத குழி வெட்டி ஜல்லி கொட்டினால் தண்ணீர் இறங்காது, களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும் வரை போகும் கிணறுதான் வேண்டும். கடைசியில், அக்டோபர் மழைக்கு முன் மாடியையும் வடிகட்டியையும் கழுவுவது. இந்த ஐந்தும் தனியாக நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சுவரைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன். மனதுக்குள் பேசினால் நாலு நிமிடம் வருகிறது, வாய் திறந்தால் ஏழரை. லாரி ஸ்லைடு மட்டுமே மூன்று நிமிடம் தின்றது.

மீதி எல்லாம் "நன்றி" ஸ்லைடுக்குப் பின்னால் போனது: குழாய் விட்டம், வடிகட்டியில் ஜல்லி–மணல் அடுக்கு, வேலை நடந்த இடத்தின் இரண்டு புகைப்படங்கள், கிணற்றின் குறுக்குவெட்டு, செலவு. அவற்றை வலது கிளிக் செய்து Hide Slide கொடுத்துவிட்டால் ஓட்டும்போது தெரியாது. ஆனால் ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் மறைத்தது நேரே திரைக்கு வரும். எத்தனை ஸ்லைடு என்று யார் கேட்டாலும் பதில் இருந்தது, காட்டுவது ஐந்து, கையில் இருப்பது பதினாறு. எந்த எண் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கும் யோசனையும் அப்போதுதான்.

வடிகட்டி அடுக்கு பற்றி சாருடைய பழைய கோப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் "தமிழ்" என்று வர வேண்டிய இடத்தில் jkpo; என்று நின்றது. பாமினி எழுத்துரு. அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும், நாளைக்கு ஓடப்போவதோ சங்கத்து லேப்டாப்பில். மாற்றிக் கொடுக்கும் கருவி தேடி அரை மணி நேரம் தொலைத்தேன். மொத்தம் பதினொரு வரிதான், முதலிலேயே யூனிகோடில் தட்டியிருக்கலாம். கடைசியில் அதைத்தான் செய்தேன். கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துருவையும் உள்ளே பொதித்து, கூடவே ஒரு பிடிஎஃப் நகலும் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டரை ஆகிவிட்டது. படுக்கப் போகும் முன், இரண்டு புகைப்படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே என்று ஒன்றை அழித்தேன். அதை நினைவில் வையுங்கள்.

காலையில் செயலாளர் மண்டப வாசலிலேயே நின்றார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். "நீங்கதானா, வாங்க வாங்க, ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் எடுத்துக்கங்க." சரி, ஆண்டுக் கணக்கும் செலவும் சேர்த்துப் பேசலாம் என்று மனதில் வரிசை போட்டேன். தலைவர் உரை முடிந்தபோது மணி 10.50. செயலாளர் குனிந்து காதருகில் சொன்னார்: "சார், ஒரு எட்டு நிமிஷம், காபி வந்திடுச்சு."

புரொஜெக்டர் பழையது, சதுரத் திரை. அகலமான என் ஸ்லைடுகள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு சுருங்கிப்போயின. வரைபடத்தின் சின்ன எழுத்துகள் பின் வரிசைக்குப் போயிருக்காது. லாரியும் சமக்குறியும் போய்ச் சேர்ந்தன, ஏனென்றால் எண்கள் பெரிதாக இருந்தன. "ஒரு கிரவுண்டுக்கு ஒரு லாரி" என்றபோது இரண்டாம் வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம பிளாக்ல மூணு கிரவுண்டு" என்றார். B தட்டித் திரையைக் கறுப்பாக்கிவிட்டு அவரையே பெருக்கச் சொன்னேன். மூன்று லாரி என்று கூட்டமே சொன்னது. ஒன்பது நிமிடத்தில் முடித்தேன்.

எதிர்பார்த்தபடியே ஒரு பெரியவர் எழுந்தார். பொதுப்பணித் துறையில் இருந்தவராம். "களிமண்ணுல கிணறு எவ்வளவு ஆழம், அடியில உறை எப்படி வைப்பீங்க, குறுக்குவெட்டு இருக்கா?" இருக்கிறது! சீட்டைப் பார்த்து 14 தட்டி Enter அழுத்தினேன். வந்தது செலவுப் பட்டியல். எண்பது பேரும் லட்சத்தில் இருந்த தொகையைப் படித்துவிட்டார்கள். ராத்திரி அழித்த அந்தப் புகைப்படத்தால் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஒரு எண் முன்னே நகர்ந்திருக்கின்றன. கிணறு 13இல் இருந்தது. கண்டுபிடிக்க இருபது விநாடி ஆனது, அதற்குள் பேச்சு ஆழத்திலிருந்து காசுக்குப் போய்விட்டது. செயலாளர் "மத்ததை காபியில பேசிக்கலாம்" என்று மைக்கை வாங்கினார்.

காபியின்போது அந்தப் பெரியவருக்கு பிஸ்கட் அட்டையின் பின்பக்கம் கிணற்றை வரைந்து காட்டினேன். அவர்கள் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் குழியில் மழை விட்டு இரண்டு நாளானாலும் தண்ணீர் நிற்கிறதாம். அப்படியென்றால் அது களிமண்ணிலேயே முடிகிறது, அல்லது மேலே சேறு அடைத்திருக்கிறது. ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டும் நின்றால் முதலாவதுதான் என்றேன். தலையாட்டினார்.

இப்போது சீட்டு இல்லை. அந்தக் கோப்பின் "நன்றி" ஸ்லைடிலேயே கிணறு, குழாய், செலவு, வடிகட்டி என்று நாலு சின்னக் கட்டம் வைத்து, ஒவ்வொன்றையும் உரிய ஸ்லைடோடு இணைத்துவிட்டேன். வேறு எதை அழித்தாலும் நகர்த்தினாலும் இணைப்பு அந்த ஸ்லைடைத் தேடியே போகிறது. செலவுக் கட்டத்தை மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி, கீழே மூலையில் வைத்திருக்கிறேன்.